ரிசப்ஷனுக்கு ஐ ஷேடோ: அடர் பழுப்புக் கண்ணுக்கு எந்த நிறம் எடுபடும்?

வைகைக்கரை
தங்கைக்குக் கல்யாணம். மதுரையில் ரிசப்ஷன், மாலை ஆறரைக்கு மேல். மணப்பெண்ணுக்கு மேக்கப் போட ஆள் வருகிறார். எனக்கு நானேதான். புடவை எம்.எஸ். ப்ளூ காஞ்சிபுரம், அரக்கு பார்டர், தங்க ஜரிகை.

என் கண் அடர் பழுப்பு. வெயிலில் நின்றால்தான் பழுப்பு என்றே தெரியும், வீட்டு விளக்கில் கறுப்புதான். நான் மாநிறம், ஆனால் இமை மட்டும் கன்னத்தைவிடக் கொஞ்சம் கறுத்திருக்கும். போன வருடம் சித்தி மகன் கல்யாணத்துக்கு வெளிர் ரோஸும் மேலே வெள்ளி ஷிம்மரும் போட்டேன். வீட்டுக் கண்ணாடியில் நன்றாகத்தான் இருந்தது. ஆல்பம் வந்ததும் பார்த்தால் இரண்டு இமையிலும் சுண்ணாம்பு அப்பிய மாதிரி! அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "அன்னிக்கு உனக்கு உடம்பு சரியில்லையாடி?" என்று கேட்டார்.

இந்த முறை என்ன போடலாம்? நீலப் புடவைக்கு நீலமா, ஜரிகைக்கு ஏற்றபடி தங்கமா? பன்னிரண்டு நிறப் பேலட் ஒன்று இருக்கிறது. அதிலேயே முடிந்தால் நல்லது.

வானவில்_ரசிகை
நீலமே போடுங்கள், யோசிக்க வேண்டாம். பழுப்பு என்பது அடர்ந்த ஆரஞ்சுதான். நிறச்சக்கரத்தில் ஆரஞ்சுக்கு நேர் எதிரில் இருப்பது நீலம். எதிர் நிறத்தைப் பக்கத்தில் வைத்தால் கண்ணின் பழுப்பு தூக்கலாகத் தெரியும். புடவைக்கும் பொருந்தும். என் அக்காவுக்கு இப்படித்தான் செய்தேன், கண் தேன் மாதிரி இருந்தது.

பாட்டி_வைத்தியம்
கண் கறுப்பாக இருக்கிறது என்று கவலைப்படாதே கண்ணு. தினமும் ராத்திரி படுக்கும்போது இரண்டு சொட்டு விளக்கெண்ணெயை இமையில் தடவு. கருவளையம் குறையும் என்பார்கள். கல்யாணத்தன்றைக்கும் காலையில் லேசாகத் தடவிக்கொள், முகம் களையாக இருக்கும்.

வைகைக்கரை
நன்றி பாட்டி, ஆனால் நான் கேட்டது ஐ ஷேடோ நிறம் பற்றி 🙂

மலைக்கோட்டை_ஒப்பனை
திருச்சியில் பதினோரு வருடமாக மணப்பெண் மேக்கப் செய்கிறேன். முதலில் பாட்டி சொன்னதற்கு ஒரு வார்த்தை. ராத்திரி எண்ணெய் உங்கள் விருப்பம். கல்யாணத்தன்று மட்டும் இமையில் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் மேல் பவுடர் நிற்காது. ஒரு மணி நேரத்தில் கண்மடிப்பில் கோடாகச் சேர்ந்துவிடும்.

வானவில் சொன்ன நிறச்சக்கரம் தப்பில்லை, அவர் அக்கா கண்ணுக்கு. தேன் நிறக் கண்ணில் பழுப்பு வெளியே தெரிகிறது, அதனால் பக்கத்தில் நீலம் வைத்தால் அது எழும்பும். வைகைக்கரை, உங்கள் கண் வீட்டு விளக்கிலேயே கறுப்பு என்கிறீர்கள். மாலை மண்டபத்தில் அந்தப் பழுப்பு இன்னும் மறைந்துவிடும். கறுப்புக்கு எதிர் நிறம் என்று எதைத் தேடுவது? எனவே "எந்த நிறம்" என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் கேள்வி, கருவிழிக்கும் இமைக்கும் வெளிச்சத்தில் எவ்வளவு வித்தியாசம் காட்டப்போகிறோம் என்பது. கருவிழி கறுப்பு, மை கறுப்பு, இமையும் அடர் நீலம் என்றால் மூன்றும் ஒன்றாகக் கலந்து, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கண் இருக்கும் இடத்தில் ஒரு குழிதான் தெரியும்.

அப்படியானால் வெளிர் நிறம் போட்டால் போதுமே என்று தோன்றும். போன வருடம் நீங்கள் செய்தது அதுதான். வெளிர் ரோஸ், வெளிர் நீலம், லாவண்டர் இவற்றில் எல்லாம் வெள்ளை நிறமிதான் அதிகம். நெற்றியில் விபூதியை லேசாகத் தேய்த்தால் நம் தோலில் வெள்ளையாகவா தெரிகிறது? நீலம் கலந்த சாம்பலாகத்தானே தெரிகிறது. இமையிலும் அதே கதைதான். அதுவும் கறுத்த இமையில் இன்னும் அதிகம்.

நமக்கு வேண்டியது வெள்ளை கலக்காமல் வெளிச்சம் தரும் நிறம். செம்பு, பழைய தங்கம், வெண்கலம். இவை தோலின் மஞ்சள் சாயலோடு சேர்ந்துகொள்ளும். வெள்ளையால் அல்ல, மினுக்கத்தால் வெளிச்சம் காட்டும். பேலட்டில் என்னென்ன இருக்கிறது என்று எழுதுங்கள், எதை எங்கே வைப்பது என்று சொல்கிறேன்.

வானவில்_ரசிகை
சரி, கண் அவ்வளவு அடர்த்தி என்பதை நான் கவனிக்கவில்லை. ஆனாலும் அடர் நீலம் கறுப்புக் கண்ணுக்கு ஒரு கம்பீரம் தரும் என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூன்றாவது_கேமரா
கல்யாண வீடியோ எடுப்பவன். மேக்கப் தெரியாது, வெளிச்சம் தெரியும். அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

ஒரே மாலையில் நீங்கள் இரண்டு மூன்று வெளிச்சத்தில் நிற்பீர்கள். வாசலிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் பெரும்பாலும் மஞ்சள் விளக்கு. மேடையில் எங்கள் எல்.இ.டி. பேனல், வெள்ளை வெளிச்சம். போட்டோகிராபரின் பிளாஷும் கிட்டத்தட்ட பகல் வெளிச்சம் மாதிரிதான். மஞ்சள் விளக்கில் நீலம் செத்துவிடும், அழுக்குக் கறுப்பாகத் தெரியும். செம்பும் தங்கமும் எரியும். வெள்ளை வெளிச்சத்துக்கு வந்தால் நீலம் உயிர் பெறும், செம்பு கொஞ்சம் அடங்கும், ஆனால் காணாமல் போகாது. இரண்டு இடத்திலும் தாக்குப்பிடிப்பது செம்புதான் என்பது என் அனுபவம்.

இன்னொன்று, நிறைய மண்டபங்களில் மேடை விளக்கு உச்சியிலிருந்து அடிக்கும். புருவத்தின் நிழல் இமை மேல் விழும். இமை முழுக்க மேட்டாக, அடர்த்தியாக இருந்தால் எடிட்டிங்கில் எவ்வளவு தூக்கினாலும் கண் வராது. இமை நடுவில் கொஞ்சம் மினுக்கம் இருந்தால், அது இருக்கும் கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும்.

கறுப்புக் கண் படத்தில் உயிரோடு தெரிவது அதன் நிறத்தால் அல்ல. கருவிழியில் விளக்கு ஒரு வெள்ளைப் பொட்டாகப் பிரதிபலிக்குமே, அதனால். அடர்த்தியான கண்ணில் அந்தப் பொட்டு மற்றக் கண்களைவிடப் பளிச்சென்று தெரியும், அதுதான் உங்கள் சொத்து. கூரை மாதிரி தொங்கும் ஒட்டு இமை முடி வைத்து அதை மறைத்துவிடாதீர்கள்.

வைகைக்கரை
ஆஹா, இப்படி யோசித்ததே இல்லை. பேலட்டில் இருப்பவை: கிரீம், வெளிர் பீச், ரோஸ், வெள்ளி, இரண்டு தங்கம் (ஒன்று வெளுப்பு, ஒன்று பழைய நகை மாதிரி), செம்பு, செங்கல் பழுப்பு, காபித்தூள் பழுப்பு, கத்தரிப்பூ, கருநீலம், கறுப்பு. செங்கல், காபித்தூள், பீச், கறுப்பு நான்கும் மேட். மற்றவற்றில் மினுக்கம் உண்டு.

மலைக்கோட்டை_ஒப்பனை
இது போதும், தாராளமாக. ரோஸையும் வெள்ளியையும் மறந்துவிடுங்கள்.

முதல் வேலை இமையின் கறுப்பைச் சமன் செய்வது. இதைச் செய்யாமல் எந்த நிறத்தைப் போட்டாலும் டப்பாவில் ஒன்று, கண்ணில் வேறொன்றாகத் தெரியும். ஆரஞ்சு கலந்த பீச் கரெக்டர், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து ஒரு அரிசி மணி அளவு. மோதிர விரலால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். அதன் மேல் உங்கள் கன்னத்தின் நிறத்திலேயே கன்சீலர், இதைவிடக் குறைவாக. கன்னத்தைவிட வெளிர்ந்த கன்சீலர் வேண்டாம், திரும்பவும் விபூதிதான். ஒரு நிமிடம் விட்டு, மேலே பார்த்து, மடிப்பில் கோடு விழுந்திருந்தால் விரலால் தட்டிச் சரிசெய்துவிட்டு, பீச் மேட்டை இமை முழுக்க மெல்லிசாக ஒற்றுங்கள். ஈரத்தின் மேல் நேராக அடர் நிறத்தை வைத்தால் வைத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் பரவாது.

அடுத்தது செங்கல் பழுப்பு. கண்ணைத் திறந்து நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி, மடிப்புக்கு ஒரு நூல் மேலே வையுங்கள். மூடிய கண்ணில் வைத்தால் திறந்ததும் மடிப்புக்குள் போய்விடும். பிரஷ்ஷைக் கார் வைப்பர் மாதிரி இங்கும் அங்கும் ஓட்டினால் ஓரம் கலைந்து நிழல் மாதிரி ஆகிவிடும். அதற்குப் பிறகு காபித்தூள், வெளிமூலையில் மட்டும், சின்ன முக்கோணமாக. இமை நடுவுக்கு வரவே கூடாது.

கடைசியில்தான் செம்பு. இதற்குப் பிரஷ் வேண்டாம், விரல் நுனியால் எடுத்து இமை நடுவில், கருவிழிக்கு நேர் மேலே அழுத்தி வையுங்கள். பிரஷ்ஷால் போட்டால் பாதி கன்னத்தில் உதிரும். செம்பின் நட்டநடுவில் பழைய தங்கம் ஒரு புள்ளி. உள்மூலையில் வெளுத்த தங்கம் கடுகளவு. அவ்வளவுதான். இவ்வளவும் முடித்த பிறகு ஃபவுண்டேஷன் போடுங்கள். உதிர்ந்ததைத் துடைக்க வசதி.

ஓர் எச்சரிக்கை. செங்கல், செம்பு இரண்டிலும் சிவப்பு இருக்கிறது. அதைக் கீழ் இமையில் முடி வேர் வரை கொண்டுபோனால், கண்ணின் வெள்ளையும் சிவந்த மாதிரி தெரியும். வந்தவர்கள் எல்லாம் "மெட்ராஸ் ஐயா?" என்று கேட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். முடி வேரை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு போட்டு, அதற்கு அப்பால்தான் செங்கல்.

மூன்றாவது_கேமரா
சோதனைக்கு ஒரு வழி. ராத்திரி, டியூப்லைட் போட்டுவிட்டு, ஆறடி தள்ளி நின்று வேறு யாரையாவது விட்டு போனில் பிளாஷோடு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிளாஷ் இல்லாமல் ஒன்று. பிறகு அந்தப் படங்களை எடிட்டில் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள். நிறம் போனதும் உண்மை தெரிந்துவிடும். இமை நடு தனியாக வெளுத்துத் தெரிந்தால் சரி. கருவிழி, இமை, மூலை எல்லாம் ஒரே கறையாக இருந்தால் அந்த நிறம் மேடைக்கு ஆகாது. செல்ஃபி வேண்டாம், முகத்துக்குப் பக்கத்தில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

கண்ணாடிக்காரி
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது, மகனுக்குக் கல்யாணம், மைனஸ் ஐந்து பவர் கண்ணாடி. மேலிமை கொஞ்சம் தொங்கிவிட்டது, கண்ணைத் திறந்தால் இமையே தெரிவதில்லை. "இமை நடுவில் செம்பு" என்றால் எனக்கு எங்கே வைப்பது?

மலைக்கோட்டை_ஒப்பனை
அம்மா, உங்களுக்கு மினுக்கம் வேண்டாம் என்பேன். சுருக்கம் உள்ள தோலில் மினுக்கம் ஒவ்வொரு கோட்டையும் எடுத்துக்காட்டும். கண்மடிப்பு மறைந்திருக்கிறது என்றால், கண்ணைத் திறந்திருக்கும்போது எங்கே இடம் தெரிகிறதோ அங்கே மேட் செங்கல் பழுப்பு மட்டும். மைனஸ் கண்ணாடி கண்ணைச் சின்னதாகக் காட்டும், அதனால் கோடு மெல்லிசாக, முடி வேரோடு சேர்த்து. மினுக்கம் ஆசை இருந்தால் உள்மூலையில் ஒரு பொட்டு, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜிகினா
எதற்கு இவ்வளவு கஷ்டம்? கடையில் தூளாக ஜிகினா விற்கிறார்கள், பசை தடவி இமையில் ஒட்டினால் எந்த வெளிச்சத்திலும் மின்னும். நான் காலேஜ் விழாவுக்கு அதுதான் போடுவேன்.

மலைக்கோட்டை_ஒப்பனை
வாழ்த்து அட்டைக்கு ஒட்டும் ஜிகினாவைத் தயவுசெய்து கண் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதன் ஓரம் கூர்மை. உள்ளே விழுந்து, கண்ணைக் கசக்கினால் கருவிழியைக் கீறிவிடும். லென்ஸ் போடுபவருக்கு இன்னும் ஆபத்து, அடியில் மாட்டிக்கொள்ளும். கண்ணுக்கென்றே விற்பதை வாங்கினாலும் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பளீர் ரோஸ், பளீர் ஊதா சிலவற்றில் கண்ணைச் சுற்றிப் போட வேண்டாம் என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள்.

வைகைக்கரை
சோதனை செய்துவிட்டேன். வானவில்லுக்காக வலது கண்ணில் கருநீலம், இடது கண்ணில் மலைக்கோட்டை அக்கா சொன்னபடி செம்பு. என் வீட்டுக்காரர் படம் எடுத்தார்.

குளியலறைக் கண்ணாடியில் நீலம்தான் அழகு. சத்தியமாக. புடவையைத் தோளில் போட்டுப் பார்த்தபோது அப்படியொரு பொருத்தம். ஆனால் ஆறடியில் எடுத்த படத்தில் வலது கண்ணில் யாரோ குத்துவிட்ட மாதிரி இருக்கிறது. பிளாஷ் இல்லாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கியதும் வலது பக்கம் மொத்தமும் ஒரே கறை, கருவிழி எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. இடது பக்கம் இமை நடு தனியாகத் தெரிகிறது, கண்ணும் ஒரு சுற்று பெரிதாக இருக்கிறது.

ஆனால் இடது கண்ணிலும் ஒரு சிக்கல். பிளாஷ் படத்தில் உள்மூலை வெள்ளையாக, அழுத கண் மாதிரி மின்னுகிறது. இமை முழுக்கச் செம்பு இருப்பது போலவும் தோன்றுகிறது.

மலைக்கோட்டை_ஒப்பனை
உள்மூலையில் கடுகளவு என்றால் உளுந்தளவு வைத்திருப்பீர்கள் 🙂 வெளுத்த தங்கத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்திலும் பழைய தங்கமே வையுங்கள். செம்பு பரவியிருக்கிறது என்றால் விரல் பெரிது, சுண்டு விரலால் வைத்துப் பாருங்கள். வைத்த பிறகு வெளிமூலையில் காபித்தூளைத் திரும்ப ஒரு முறை தொட்டால் எல்லை வந்துவிடும்.

வானவில்_ரசிகை
என் நீலத்துக்கு இப்படியா கதி! சரி, கோடாகவாவது போடலாமே? மேல் இமையில் கறுப்பு ஐலைனர், கீழ் இமையில் முடிக்கு அடியில் மெல்லிசாகக் கருநீலம். புடவையோடு ஒரு தொடர்பு இருக்கும்.

மூன்றாவது_கேமரா
போடலாம். வீடியோவில் தெரியாது.

வானவில்_ரசிகை
கல்யாணத்துக்கு வருபவர்கள் எல்லாம் கேமராவா? பக்கத்தில் நின்று பேசுபவர் பார்ப்பார் அல்லவா?

மலைக்கோட்டை_ஒப்பனை
அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அப்படிப் போட்டால் கீழே செங்கல் வேண்டாம். மேலே செம்பு, கீழே நீலம், இரண்டோடு நிறுத்துங்கள். என் மணப்பெண்களுக்கு நான் கீழே காபித்தூள்தான் போடுவேன், அது என் பழக்கம்.

கண்ணாடிக்காரி
கண்ணுக்குள் மை இடுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே? மை இல்லாமல் கல்யாணத்துக்குப் போனால் என் மாமியார் என்னை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்.

மலைக்கோட்டை_ஒப்பனை
இதில் எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. உள் ஓரத்தில் கறுப்பு மை இட்டால் கண் சின்னதாகும் என்பார்கள். சின்னக் கண்ணுக்கு அது உண்மை. பெரிய கண்ணுக்கு மை இட்டால்தான் களை, வெள்ளை இன்னும் பளிச்சென்று இருக்கும். என் சந்தேகம் வேறு. மை என்றாலே எண்ணெய். வியர்க்கிற மண்டபத்தில் எட்டு மணிக்குள் கீழே இறங்கிவிடும். இட்டே ஆக வேண்டும் என்றால், இட்டதும் கீழ் இமையில் கறுப்பு மேட் பவுடரை மெல்லிய பிரஷ்ஷால் ஒற்றி அடக்குங்கள். பையில் இரண்டு காது பட்ஸ் இருக்கட்டும்.

கண்ணாடிக்காரி
எங்கள் வீட்டு மை விளக்குக்கரியும் விளக்கெண்ணெயும். பவுடர் எல்லாம் அதை அடக்காது 😄

வைகைக்கரை
கல்யாணம் முடிந்து ஒரு வாரம் ஆகிறது, சொல்லாமல் போனால் நன்றாக இருக்காது.

நாலரைக்கு உட்கார்ந்தேன், கண்ணுக்கு மட்டும் முக்கால் மணி நேரம். செம்பைச் சுண்டு விரலால் வைத்தேன், உள்மூலையில் பழைய தங்கம். கீழே வானவில் சொன்ன கருநீலக் கோடு. மையும் இட்டேன், அம்மா எதிரில் நின்றுகொண்டு இருந்தார், வேறு வழியில்லை.

செம்பு பத்து மணி வரை அப்படியே இருந்தது. மடிப்பில் மட்டும் மெல்லிய கோடு விழுந்திருந்தது, தட்டியதும் போய்விட்டது. மை ஒன்பது மணிக்கு இறங்கியது. கறுப்பு பவுடர் வைக்க மறந்துவிட்டேன், பட்ஸால் துடைத்தபோது நீலக் கோடும் பாதி சேர்ந்து வந்துவிட்டது. போட்டோகிராபர் அனுப்பிய முதல் படங்களில் நீலம் எங்குமே தெரியவில்லை, கேமரா அண்ணா சொன்னது சரி. ஆனால் சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த அத்தை, "கண்ணுக்குக் கீழே என்னடி, மயில் மாதிரி?" என்று கேட்டார். வானவில், அது உங்களுக்கு.

அம்மா ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுத்துக்கொண்டு இருக்கிறார். என் படம் மூன்றை இதுவரை ஒதுக்கவில்லை.

வானவில்_ரசிகை
மயில்! போதும் எனக்கு.

ஜிகினா
அக்கா, எனக்கு அடுத்த மாதம் கிளிப்பச்சை லெஹங்கா. அதற்கும் செம்பேதானா?